எட்டு நாளும் பத்து நாளும்: நிலையாணையைக் கேள்வி பதில் தாளாக்கும்போது கவனிக்க வேண்டியவை

"எங்கள் தொழிற்சாலை நிலையாணையைப் படித்தால் யாருக்கும் புரிவதில்லை. வேலை நேரம், லீவு, தவறான நடத்தை, இந்த மூன்றையும் எளிய தமிழில் கேள்வி பதிலாகப் போட்டு எல்லோருக்கும் கொடுக்க நினைக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? எதில் கவனமாக இருக்க வேண்டும்?"

நான் ஒரு நூற்பாலையில் சங்க கமிட்டியில் இருந்தபோது இப்படி ஒரு தாள் போட்டோம். முதல் தாளில் ஒரு வரியைத் தவறாக எழுதி, அதனால் ஒருவருடைய சம்பளம் போனது. அந்த ஒரு வரியை வைத்தே சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்தே விளங்கிவிடும்.

முதலில், நிலையாணையை ஒன்றாம் கூறிலிருந்து வரிசையாக மொழிபெயர்க்க உட்காராதீர்கள். நாங்கள் இரண்டு வாரம் டைம் ஆபீஸ் வாசலிலும் கேன்டீனிலும் ஆட்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்டபடியே குறித்துக்கொண்டோம். "கூறு 9-இன்படி விடுப்பு நீட்டிப்பு எவ்வாறு?" என்று யாரும் கேட்கவில்லை. "லீவு முடிஞ்சு எத்தனை நாள் கழிச்சு வந்தா வேலை போகும்?" என்றுதான் கேட்டார்கள். அந்தக் கேள்விதான் தாளில் தலைப்பாக வர வேண்டும்.

இந்தக் கேள்விக்கு எங்கள் முதல் தாளில் எழுதிய பதில் இது: "லீவு முடிந்து 8 நாட்களுக்குள் வந்துவிட்டால் வேலை போகாது." படிக்க எளிமையாக இருந்தது, ஆனால் தவறு.

எங்கள் நிலையாணை 1946ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணையை ஒட்டியது. அதன் லீவுக் கூறு சொல்வது இதுதான். அனுமதித்த லீவோ, நீட்டித்த லீவோ முடிந்த பிறகும் ஒருவர் வராவிட்டால், வேலையின் மீதுள்ள பற்றுரிமையை, அதாவது அந்த வேலைக்குத் திரும்பி வரும் உரிமையை, இழப்பார். இழக்காமல் இருக்க இரண்டு காரியம் செய்ய வேண்டும்: லீவு முடிந்த 8 நாட்களுக்குள் திரும்ப வேண்டும், ஏன் வர முடியவில்லை என்று நிர்வாகம் ஏற்கும்படி விளக்கமும் தர வேண்டும். இரண்டும் சேர்ந்துதான் நிபந்தனை. நடுவில் இருக்கும் அந்த 'உம்' என்ற ஓசையை நாங்கள் தொலைத்துவிட்டோம்.

ஸ்பின்னிங்கில் இருந்த ஒரு தோழருக்கு ஜூன் 3 முதல் 7 வரை லீவு அனுமதி இருந்தது. ஊரில் அப்பாவுக்கு உடம்பு மோசமாகி, 14ஆம் தேதிதான் வந்தார். எங்கள் தாளைப் படித்திருந்ததால், 8 நாளுக்குள் வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மருத்துவமனைச் சீட்டு எதையும் கொண்டுவரவில்லை. கேட்டில் நிறுத்தி, எழுத்தில் விளக்கமும் ஆதாரமும் கேட்டார்கள். ஊருக்குப் போய்ச் சீட்டை எடுத்துவந்து, மனு எழுதி, திரும்ப உள்ளே போக ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாள் சம்பளம் அவருக்கு இல்லை. அவருக்கு எதிரில் நின்று பேசவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

இரண்டாவது குழப்பம் பத்து நாளைப் பற்றியது. தவறான நடத்தைப் பட்டியலில், "லீவு இல்லாமல் 10 நாட்களுக்கு மேல் வராமல் இருப்பது" என்று தனியாக ஒன்று உண்டு. இதைக் கேள்விப்பட்டவர்கள், பத்து நாள்வரை யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைக்கிறார்கள். இரண்டும் வெவ்வேறு கூறுகள், வெவ்வேறு கணக்குகள். அதே தோழர் 14ஆம் தேதிக்குப் பதிலாக 18ஆம் தேதி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். லீவு முடிந்தது 7ஆம் தேதி. அதோடு 8 நாள் சேர்த்தால் 15. ஆகவே எட்டு நாள் தாண்டிவிட்டது, பற்றுரிமைப் பிரச்சினை வரும். ஆனால் வராத நாட்கள் 8 முதல் 17 வரை, சரியாகப் பத்து. 'பத்துக்கு மேல்' ஆகவில்லை. எனவே அந்தத் தவறான நடத்தைக் கூறின்படி அவர்மேல் சார்ஜ் ஷீட் நிற்காது. 19ஆம் தேதி வந்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். இந்தத் தேதிக் கணக்கைத் தாளில் அப்படியே போட்டுவிடுங்கள். நடுவில் வரும் வார விடுமுறை கணக்கில் சேருமா என்று உங்கள் நிலையாணை சொல்லாவிட்டால், சேரும் என்று வைத்தே எண்ணச் சொல்லுங்கள். தொழிலாளிக்கு அதுதான் பாதுகாப்பு.

எட்டு நாள் தாண்டினால் தானாகவே பெயர் அடிக்கப்பட்டுவிடுமா என்ற கேள்விக்கும் இதே இடத்தில் பதில் வேண்டும். இல்லை. 1993இல் டி.கே. யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான்: நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும், விளக்கம் கேட்காமல், விசாரணை நடத்தாமல் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு விரோதம். இன்னொன்றும் இருக்கிறது. மாதிரி நிலையாணைப்படி பற்றுரிமை இழந்தவரைக்கூட, மற்றவர் வராத நாளில் வேலைக்கு அழைக்கும் பதிலிப் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். இதைப் பலரும் படிப்பதே இல்லை.

எங்கள் இரண்டாவது தாளில் அந்தப் பதிலை இப்படி எழுதினோம்:

> லீவு முடிந்தும் வர முடியவில்லை. என்ன செய்வது?
>
> லீவு முடிவதற்கு முன்பே, நீட்டிப்பு கேட்டு எழுத்தில் மனு அனுப்புங்கள். இப்போது இருக்கும் முகவரியைக் கட்டாயம் எழுதுங்கள். பதில் உங்களுக்கு நேரத்தில் வந்துசேரும் என்றால், நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும்.
>
> அனுப்ப முடியாமல் போய்விட்டதா? லீவு முடிந்த 8 நாட்களுக்குள் வாருங்கள். வரும்போது காரணத்தை எழுதி, அதற்கான சீட்டையும் கொண்டுவாருங்கள். வந்தால் மட்டும் போதாது.
>
> 8 நாள் தாண்டிவிட்டதா? அப்போதும் வாருங்கள். உங்களைக் கேட்காமல் பெயரை நீக்க முடியாது. கேட்டில் நிறுத்தினால், வந்த தேதியை எழுதி அன்றே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.
>
> (நமது நிலையாணை, கூறு 9)

கீழே போடுவது உங்கள் நிலையாணையின் கூறு எண்ணாகவே இருக்கட்டும். சட்டப் பிரிவு எண்களைப் போடாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டதால் பழைய எண்கள் குழப்பும். அந்தத் தொகுப்பின்படி நிலையாணை அத்தியாயம் 300 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்குத்தான். ஆகையால் உங்களிடம் இருப்பது எந்தத் தேதியில் சான்றளிக்கப்பட்டது, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பதை எழுத ஆரம்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டைம் ஆபீஸில் இருக்கும் ஜெராக்ஸை நம்பாமல், சான்றளித்த அலுவலரின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள பிரதியை வைத்து எழுதுங்கள். எங்களிடம் இருந்த ஜெராக்ஸில் பிறகு செய்த ஒரு திருத்தம் இல்லவே இல்லை.

அடுத்து தவறான நடத்தை. இங்கே ஆபத்து எளிமைப்படுத்துவதிலேயே இருக்கிறது. மூலத்தில் 'வேண்டுமென்றே', 'வழக்கமாக', 'சட்டப்படியானதும் நியாயமானதுமான' என்று அடைமொழிகள் வரும். வாக்கியம் நீளுகிறதே என்று அவற்றை வெட்டத்தான் கை போகும். வெட்டினால் குற்றமே மாறிவிடும். 'தாமதமாக வருவது தவறான நடத்தை' என்று தாளில் போட்டால், பஸ் தவறி ஒருநாள் இருபது நிமிடம் பிந்தியவரும் குற்றவாளி ஆகிவிடுவார். நிலையாணை சொல்வது வழக்கமாகத் தாமதிப்பதை. அதேபோல 'மேலதிகாரி சொல்வதை மறுப்பது' என்று நிறுத்தக் கூடாது. சட்டப்படியான, நியாயமான உத்தரவை வேண்டுமென்றே மீறுவதுதான் குற்றம். காவல் தகடு இல்லாத மெஷினை ஓட்டச் சொன்னால் மறுப்பது இதற்குள் வராது. இந்த உதாரணத்தை நாங்கள் தாளிலேயே சேர்த்தோம். அதைப் படித்துவிட்டு சூப்பர்வைசர் ஒருவர் தானாக வந்து தகடு போடச் சொன்னது எனக்கு இன்றும் சந்தோஷம்.

பட்டியலில் இல்லாத ஒன்றுக்குத் தண்டனை கொடுக்க முடியுமா என்றும் கேட்பார்கள். முடியாது என்பதுதான் கிளாக்ஸோ வழக்கில் 1983இல் உச்ச நீதிமன்றம் எடுத்த நிலை. அதனால் பட்டியலைச் சுருக்காமல் முழுவதும் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும்.

சஸ்பெண்ட் என்றால் வேலை போய்விட்டது என்று பலர் பயந்து, வெளியூர் போய்விடுகிறார்கள். அப்புறம் விசாரணைக்கு வராமல் ஒருதலையாக முடிந்துவிடும். விசாரணை முடியும்வரை வெளியே நிறுத்திவைப்பதுதான் அது, தண்டனை அல்ல. முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி பிழைப்பூதியமாக வரும். அதற்கு மேலும் விசாரணை இழுத்து, அந்தத் தாமதம் தொழிலாளியால் வந்தது இல்லை என்றால் 75 சதவீதம். சார்ஜ் ஷீட்டை வாங்க மறுப்பதும் பெரிய தவறு, மறுத்தால் பதில் சொல்லும் வாய்ப்புதான் போகும். வாங்குவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது என்று இதே பக்கத்தில் தடித்த எழுத்தில் போடுங்கள்.

வேலை நேரம், விடுமுறை இரண்டுக்கும் அரைப் பக்கம் போதும், இவற்றில் சண்டை குறைவு. ஷிப்ட் நேரங்கள், ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், வார விடுமுறையில் வேலை செய்தால் மாற்று விடுமுறை, இவ்வளவுதான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக 9 நாள் சம்பளத்துடன் விடுமுறை. அந்த ஐந்து எவை என்பது ஆலைக்கு ஆலை மாறும், அதனால் அந்த வருடப் பட்டியலை மட்டும் தனித் தாளாக ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் மொத்தத் தாளும் பழசாகிவிடும்.

அச்சடிக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். எழுதிய கமிட்டிக்காரர்கள் இல்லாமல், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகாத மூன்று பேரிடம் தாளைக் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். அதனால் கணக்காகக் கேளுங்கள்: "லீவு 20ஆம் தேதி முடிகிறது, எந்தத் தேதிக்குள் வர வேண்டும், கையில் என்ன இருக்க வேண்டும்?" எங்களிடம் இரண்டு பேர் 28 என்று சரியாகச் சொன்னார்கள். மூன்றாவது பெண் 28 என்று சொல்லிவிட்டு, "கையில் எதுவும் வேண்டாம்ல?" என்று கேட்டார். அதன் பிறகுதான் 'வந்தால் மட்டும் போதாது' என்ற வரியைச் சேர்த்தோம்.