டீச்சரம்மாவுக்கு என்ன கேட்கிறது?

*அன்புள்ள அக்கா, தனியாக வாழும் வயதானவர்களின் தனிமையைப் பற்றி மூன்று நிமிட அனிமேஷன் வீடியோ செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் தெருவிலும் சுகாதார நிலையத்திலும் போட்டுக் காட்ட ஆசை. ஸ்கிரிப்ட் 400 வார்த்தை வந்திருக்கிறது. எதிர் வீட்டுப் பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கும்மா, பாவம் யாரோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவரும் தனியாகத்தான் இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகன் திரும்பி வருவதாக முடித்திருக்கிறேன், அதுவும் எனக்கே ஒட்டவில்லை. எங்கே தப்பு?*
*வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்*

அன்புள்ள தங்கைக்கு,

ஜன்னலோரம் கூன் விழுந்த ஓர் உருவம், வெளியே மழை, பின்னால் வயலின். உங்கள் வீடியோவும் இப்படித்தான் தொடங்குகிறது என்றால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். அந்த உருவத்தில் தன்னைப் பார்க்க எந்தப் பாட்டிக்கும் மனம் வராது. காலையில் எழுந்து கோலம் போட்டு, பால் காய்ச்சி, மின் கட்டணம் கட்டி, ஒரு வீட்டையே தனியாளாக நடத்துகிறவர் அவர்.

தனியாக இருப்பது வேறு, தனிமை வேறு. நமக்கு வேண்டிய உறவுக்கும் கையில் இருக்கிற உறவுக்கும் நடுவே விழும் இடைவெளிதான் தனிமை என்று பெப்லாவ், பெர்ல்மன் என்ற உளவியலாளர்கள் 1980களிலேயே சொல்லிவிட்டார்கள். வீடு நிறைய ஆள் இருந்தும் அது வரலாம், ஒற்றை ஆளாக இருந்தும் வராமல் போகலாம். அதனால் காலி வீட்டைக் காட்டினால் போதாது, அந்த இடைவெளி எப்படி விழுகிறது என்று காட்ட வேண்டும். மூன்று நிமிடத்தில் ஒரே ஒரு காரணத்தைத்தான் ஒழுங்காகக் காட்ட முடியும். நானாக இருந்தால் காதை எடுத்துக்கொள்வேன்.

ஏன் என்று சொல்கிறேன். என் அம்மா புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஆறு வருடம் தனியாக இருந்தார். திடீரென்று கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினார், போனில் பேசினால் இரண்டு நிமிடத்தில் "சரி சரி, வை" என்பார். கோபம் என்று நினைத்தோம். காது மந்தமாகிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை, அவரும் சொல்லவில்லை. மூன்று வருடத்தை அப்படியே விட்டுவிட்டோம், இன்னும் அது எனக்கு வலிக்கிறது.

வயதாகும்போது பொதுவாக முதலில் மங்குவது உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகள். ஆ, ஓ மாதிரி உயிரொலிகள் நன்றாகக் கேட்கும், அதனால் யாரோ பேசுவது தெரியும். க, ச, த, ப போன்றவற்றின் காற்றொலி நழுவிவிடும், அதனால் என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. கத்தினாலும் பெரிதாகப் பலன் இல்லை, கேட்கிற பகுதிதான் இன்னும் பெரிதாகக் கேட்கும். இதை நேரடியாகப் படம்பிடித்துக் காட்டுவது கஷ்டம், அனிமேஷனில் சுலபம். அதுதான் உங்கள் கையில் இருக்கிற வசதி.

சரி, கதையை இப்படி வைத்துப் பாருங்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியை, தெருவே அவரை டீச்சரம்மா என்று கூப்பிடுகிறது. முதல் 40 விநாடி அவருடைய காலை வேலைகள், சுறுசுறுப்பாக, சோகம் எதுவும் இல்லாமல். அப்புறம் வெள்ளிக்கிழமை சாயந்திரம், பாடலீஸ்வரர் கோயில் பிராகாரத்தில் நான்கு தோழிகள். ஒருவர் "கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார். நமக்குத் தெளிவாகக் கேட்கிறது. உடனே அதே வரியை டீச்சரம்மாவின் காது வழியாகக் கேட்க வைக்கிறோம், "...ஆல் எப்படி இருக்கு?" வாயிலிருந்து வரும் எழுத்தைப் படமாகவே போட்டு, அதில் "கா"வை மட்டும் "ஆ"வாக மாற்றிவிடலாம். அவர் "பால் இப்ப நல்லாத்தான் வருது" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், கெட்ட எண்ணமே இல்லாமல். அவரும் சிரிக்கிறார், ஆனால் அடுத்த வெள்ளி வரவில்லை. நாள்காட்டித் தாள்கள் கிழிகின்றன. இந்தப் பக்கம் கோயில் மணி கேட்டு அவர் நிமிர்கிறார், அந்தப் பக்கம் தோழி "டீச்சருக்கு நம்ம ஞாபகமே இல்ல" என்கிறார். இடைவெளி விழுந்துவிட்டது, இதில் வில்லன் யாரும் இல்லை.

இங்கே படத்தை நிறுத்துங்கள். நான்கு விநாடி எதுவும் அசைய வேண்டாம், மின்விசிறியின் நிழல் மட்டும் சுற்றட்டும். வயதைக் காட்ட நடுங்கும் கையும் ஆமை நடையும் தேவையில்லை. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒரு கணம் நின்று, பிறகு எழட்டும், அதுவே சொல்லிவிடும்.

குரலுக்கு வருவோம். தமிழில் நிதானமாகப் படித்தால் நிமிடத்துக்கு 90 வார்த்தைதான் போகும் என்பது என் அனுபவம். மூன்று நிமிடத்துக்கு 270, உங்களிடம் இருப்பது 400. நான் 170க்கு மேல் எழுத மாட்டேன், மீதி மௌனத்துக்கு. "அவர் செய்கிறார்" என்றே சொல்லுங்கள், "அவள்" வேண்டாம், "பாவம்", "கைவிடப்பட்ட" இரண்டும் வேண்டவே வேண்டாம். குரல் பேசும்போது பின்னணி இசையை முழுக்க நிறுத்துங்கள். பார்க்க வருகிற வயதானவர்களில் பலருக்கு டீச்சரம்மாவின் காதுதான் இருக்கும், இசைக்கு நடுவே வார்த்தையைப் பிரித்தெடுக்க அவர்களால் முடியாது. பெரிய எழுத்தில் வசன வரியும் போடுங்கள்.

முடிவில் மகனை வரவழைக்க வேண்டாம். வராத மகனை வைத்திருக்கிற ஒரு அம்மா அந்தக் கூட்டத்தில் இருப்பார், அவருக்கு அது ஆறுதலாக இருக்காது. தோழி ஒரு நாள் வீட்டுக்கு வருகிறார். டிவியை நிறுத்துகிறார், எதிரே வெளிச்சம் முகத்தில் படும்படி உட்கார்ந்து மெதுவாகக் கேட்கிறார், "கா...ல் எப்படி இருக்கு?" அப்போதுதான் விஷயம் புரிகிறது. இருவரும் அரசு மருத்துவமனையில் காது பார்க்கப் போகிறார்கள். சில பேருக்கு அழுக்கு அடைத்திருப்பதுதான் காரணம், எடுத்தால் சரியாகிவிடும். டீச்சரம்மாவுக்குக் காதுக் கருவி. அதையும் மந்திரம் போல் காட்டாதீர்கள், முதல் சில வாரம் பாத்திரச் சத்தமெல்லாம் இரைச்சலாக இருக்கும், அதைப் பொறுக்காமல் பலர் அலமாரியில் வைத்துவிடுவார்கள். பழகட்டும். பிறகு தோழி ஒரு உதவி கேட்கிறார், பேத்திக்குப் பின்னக் கணக்கு வரவில்லை, சனிக்கிழமை நான்கு மணிக்கு அனுப்பவா? நம்பிக்கை என்று நீங்கள் தேடுவது இதுதான் என்று நினைக்கிறேன். "அடிக்கடி வாங்க" என்பதைவிட நாளும் மணியும் சொன்ன ஏற்பாடு நிற்கும், அதிலும் அவர் கொடுக்கிறவராக இருந்தால் இன்னும் நிற்கும்.

ஒன்று மட்டும் கவனம். இரண்டு வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல், "போய்ச் சேர்ந்தா தேவலை" என்று ஒருவர் சொன்னால் அது மனச்சோர்வாக இருக்கலாம். தோழி வந்ததும் அதுவும் சரியாகிவிட்டதாகக் காட்டாதீர்கள், அதற்கு மருத்துவர் வேண்டும். கடைசித் திரையில் முதியோர் உதவி எண் 14567, மனநல உதவி எண் 14416, இரண்டையும் பத்து விநாடி நிறுத்துங்கள், எழுதிக்கொள்ள நேரம் வேண்டும்.

திருத்தி எழுதியதும் எதிர் வீட்டுப் பாட்டியிடமே போங்கள். ஃபேனை நிறுத்திவிட்டு எதிரே உட்கார்ந்து வாசியுங்கள். "அப்படியெல்லாம் சொல்ல மாட்டோம்மா" என்று அவர் எங்கே குறுக்கிடுகிறாரோ, அந்த வரியை அவர் சொல்கிறபடியே மாற்றுங்கள். சம்மதித்தால் டீச்சரம்மாவுக்கு அவரையே குரல் கொடுக்கச் சொல்லுங்கள்.