போஸ்ட்டாக் பணியிலிருந்து இடையில் விலகும்போது

மதிப்பிற்குரிய ஐயா,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உயிரியல் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய இரண்டாண்டு ஆய்வுப் பணியான போஸ்ட்டாக்கில் இருக்கும் உங்கள் மகளுக்கு, பதினான்காம் மாதத்திலேயே இந்தியாவில் உதவிப் பேராசிரியர் பணி கிடைத்திருப்பதையும், இடையில் விலகினால் பேராசிரியரின் மனம் கோணிவிடுமோ என்ற உங்கள் கவலையையும் அறிந்தேன். இந்தப் பணிக்கான பரிந்துரைக் கடிதத்தை அந்தப் பேராசிரியரே எழுதியிருப்பதால், மகள் விலகுவது அவருக்கு அதிர்ச்சியாக இராது. எந்தத் தேதியில் விலகுகிறார், எதை எந்த நிலையில் விட்டுச் செல்கிறார் என்பவையே அவரைப் பாதிக்கும்.

கையொப்பமிட்ட நியமன ஆணை கைக்கு வரும்வரை பணிவிலகல் கடிதம் கொடுக்க வேண்டாம். ஆணை வந்ததும், ஆய்வகத்தில் வேறு எவருக்கும் சொல்லும் முன் பேராசிரியரை நேரில் சந்தித்துச் சொல்லிவிட்டு, அன்றே கடைசி வேலைநாளைக் குறிப்பிட்டு எழுத்திலும் தர வேண்டும். பணி ஒப்பந்தம் ஒரு மாத முன்னறிவிப்பே கேட்டாலும், மூன்று மாதம் கொடுப்பதே முறை என்று கருதுகிறேன். அதற்கேற்பப் பணியில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கும்படி இந்திய நிறுவனத்திடம் கேட்பதில் தவறில்லை.

ஒப்படைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். உங்கள் மகளிடம் மூன்று ஆய்வுகள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கட்டுரையாகும் நிலையில் உள்ள முதலாவதை, புறப்படும் முன் முழு வரைவாகவே பேராசிரியரிடம் கொடுத்துவிட வேண்டும். பாதியில் நிற்கும் இரண்டாவதை ஏற்கப்போகும் மாணவர், உறைபெட்டியில் எந்தக் குழாயில் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் செல்களான செல்வரிசைகளில் எது இருக்கிறது என்ற பட்டியலையும் செய்முறைக் குறிப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் மகள் அங்கிருக்கும்போதே, மகளின் துணையின்றி ஒரு சோதனையைச் செய்து பார்க்க வேண்டும். அந்த மாணவர் தடுமாறும் இடங்களே குறிப்பில் விடுபட்ட இடங்கள். இதற்கே சில வாரங்கள் பிடிக்கும் என்பதால்தான் மூன்று மாதம் என்றேன்.

அண்மையில் தொடங்கிய மூன்றாவது ஆய்வு நுட்பமானது. அதைத் தம் புதிய ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்ல உங்கள் மகள் விரும்பினால், யார் எந்தப் பகுதியைத் தொடர்வது, கட்டுரையில் ஆசிரியர் வரிசை எப்படி அமைவது என்பவற்றைப் பேசி முடித்து மின்னஞ்சலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆய்வகக் குறிப்பேடுகளும் தரவுகளும் பொதுவாகப் பல்கலைக்கழகத்துக்கே உரியவை. நகல்களை அனுமதியுடன் எடுக்கலாம். செல்வரிசைகளையும் பிளாஸ்மிடுகள் எனும் சிறு டி.என்.ஏ. வளையங்களையும் எடுத்துச் செல்வதற்கு இரு நிறுவனங்களுக்கிடையே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம் தேவைப்படும். அது முடியத் தாமதமாகும் என்பதால் முதல் மாதத்திலேயே விண்ணப்பிப்பது நல்லது.

உங்கள் மகள் பரிமாற்றத் திட்டங்களில் வருவோருக்கான ஜே-1 விசாவில் ஆராய்ச்சி அறிஞர் பிரிவில் இருந்தால், பல்கலைக்கழகத்தின் பன்னாட்டு அலுவலகத்துக்கும் விலகல் தேதியைத் தெரிவிக்க வேண்டும். அவருடைய ஜே-1 பதிவு முடிந்தபின் 24 மாதங்களுக்கு அதே பிரிவில் திரும்ப முடியாது. எனவே, எஞ்சிய சோதனைகளைக் கோடை விடுமுறையில் வந்து முடித்துத் தருவதாகப் பேராசிரியரிடம் வாக்களிக்கும் முன், குறுகியகால அறிஞர் பிரிவில் வர இயலுமா என்று அந்த அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.