ஒரு போத்தல் ஓட்ஸுக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட்டில் வசிக்கிறேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் திங்கள், வியாழன் காலைகளில் தலா 20 போத்தல் ஓவர்நைட் ஓட்ஸ் விற்பனைக்குக் கொண்டுபோகிறேன். சராசரியாக 17 விற்கும். ஒன்றின் விலை 6 ரிங்கிட். பொருளுக்கு 3 ரிங்கிட் 50 சென்தான் ஆகிறது என்று கணக்குப் போட்டேன். ஆனால் இரண்டு மாதமாகியும் டப்பாவில் காசு தங்கவில்லை. விலையை ஏற்றுவதா, சியா விதையைக் குறைப்பதா, மாம்பழத்துக்குப் பதில் பப்பாளி போடுவதா? ரசீதுகளை அனுப்பியிருக்கிறேன்.

பதில்: சகோதரி, அந்த மூன்றில் எதையும் இப்போது செய்ய வேண்டாம். ரசீதுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்கள் கூட்டியதில் பிழை இல்லை. கடையில் வாங்கிய எடையையே போத்தலுக்குள் போன எடையாக எடுத்துக்கொண்டதுதான் பிழை.

உங்கள் குறிப்பின்படி ஒரு போத்தலுக்கு 40 கிராம் ஓட்ஸ் 40 சென், 10 கிராம் சியா 36 சென், 5 கிராம் பூசணி விதை 24 சென், 120 மில்லி பால் 84 சென், 80 கிராம் தயிர் 1 ரிங்கிட் 12 சென், 60 கிராம் மாம்பழம் 54 சென். இவற்றில் மாம்பழத்தின் தொகை மட்டும் தவறு. கிலோ 9 ரிங்கிட் என்று நீங்கள் வாங்கும் பழத்தில் தோலும் கொட்டையும் போனால் ஏறத்தாழ 650 கிராம் சதைதான் மிஞ்சும். அடுத்த முறை ஒரு கிலோ பழத்தை நறுக்கியதும் சதையை மட்டும் தராசில் வைத்துப் பாருங்கள். பழத்துக்குப் பழம் சற்று மாறினாலும் ஆயிரத்துக்கு அருகில் ஒருபோதும் வராது. ஆகவே 60 கிராம் சதைக்கு நீங்கள் 92 கிராம் பழம் வாங்குகிறீர்கள்; அதன் விலை 83 சென். இதனுடன், ரசீது இருந்தும் கணக்கில் ஏறாத போத்தல், மூடி, கரண்டி ஆகியவற்றின் 90 சென்னையும் சேர்த்தால், ஒரு போத்தலின் அடக்கம் 4 ரிங்கிட் 69 சென் ஆகிவிடுகிறது.

இது போக இன்னொரு ஓட்டை தயிரிலும் பாலிலும் இருக்கிறது. இருபது போத்தலுக்கு 1 கிலோ 600 கிராம் தயிர் போதும். ஆனால் தயிர் ஒரு கிலோ டப்பாவில்தான் வருகிறது என்பதால் இரண்டு டப்பா வாங்குகிறீர்கள். பால் 2 லிட்டர் 400 மில்லி போதும். மூன்று பெட்டி வாங்குகிறீர்கள். மிச்சமாகும் 400 கிராம் தயிரும் 600 மில்லி பாலும் வீட்டில் பிள்ளைகளுக்குப் போகின்றன என்று நீங்களே ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் சாப்பிடுவதில் குற்றமில்லை; ஆனால் அந்த 9 ரிங்கிட் 80 சென்னைக் கொடுத்தது வியாபார டப்பா. இப்போது ஒரு நாள் கணக்கை முழுதாகப் பாருங்கள். வாங்கியது எல்லாம் சேர்த்து 103 ரிங்கிட் 60 சென். விற்ற 17 போத்தலுக்கு வந்தது 102 ரிங்கிட். ஒவ்வொரு முறையும் 1 ரிங்கிட் 60 சென் கைநட்டம். இரவு கண்விழித்துச் செய்த வேலைக்குக் கூலியே இல்லாமல் போனதைப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

விற்காமல் திரும்பிய மூன்று போத்தல்களை வியாழனுக்கு வைத்திருக்கலாம் என்று எண்ணாதீர்கள். நம் ஊர் வெயிலில் பாலும் தயிரும் கலந்த உணவு குளிர்பெட்டிக்கு வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் காலை 7 மணிக்குக் கிளம்பி, 10 மணி ஓய்வில்தான் விற்கிறீர்கள். பனிக்கட்டி போட்ட பெட்டியில் எடுத்துச் செல்வது கட்டாயம். திரும்பி வந்த போத்தலின் மதிப்பு கணக்கில் சுழியம். அதனால் முந்தைய நாள் மாலைக்குள் வாட்ஸ்அப்பில் பெயர் வாங்கி, அந்த எண்ணிக்கைக்கு மட்டும் ஊறவையுங்கள்.

வாரத்துக்கு 34 போத்தல் என்றும், திங்களுக்கும் வியாழனுக்கும் சேர்த்து ஒரே கொள்முதல் என்றும் வைத்துக்கொள்வோம். தயிர் 2 கிலோ 720 கிராம் வேண்டும். மூன்று டப்பா வாங்கினால் மிச்சம் சிறிதளவுதான். பால் 4 லிட்டர் 80 மில்லி வேண்டும். ஒரு போத்தலுக்கு 3 மில்லி குறைத்தால் நான்கு பெட்டியிலேயே முடிந்துவிடும், நாக்குக்கு வித்தியாசம் தெரியாது. இதுவரை வாரத்துக்கு நான்கு டப்பாவும் ஆறு பெட்டியுமாக 98 ரிங்கிட் போன இடத்தில் இனி 70 ரிங்கிட் போகும். திங்களன்று பயன்படாத டப்பாவையும் பெட்டியையும் திறக்காமல் வையுங்கள்; திறந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து வியாழனுக்கு முதலில் தீர்த்துவிடுங்கள். மற்றப் பொருள்களையும் போத்தலையும் சேர்த்து வாரச் செலவு 162 ரிங்கிட் 82 சென், வரவு 204. விலையில் ஒரு சென்கூட ஏற்றாமல் 41 ரிங்கிட் 18 சென் உங்கள் கையில் நிற்கும். ஒரு போத்தலின் அடக்கம் அப்போது ஏறத்தாழ 4 ரிங்கிட் 79 சென்.

இனி சியாவைப் பற்றி. கிலோ கணக்கில் அது விலை கூடியதாகத் தெரிவதால் கண் அதன்மேல் போவது இயல்பு. ஆனால் போத்தலில் அது 36 சென்தான். சியா தன் எடையைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். ஐந்து கிராம் குறைத்தால் 50 மில்லி அளவுக்கு நீர் பிடிபடாமல் நிற்கும். காலையில் போத்தலைச் சாய்த்தால் மேலே தண்ணீர் தனியாக ஓடும். இந்தச் சிக்கனத்தால் வாரத்துக்கு 6 ரிங்கிட் 12 சென் மிச்சமாகும். அந்தத் தண்ணீரைக் கண்டு முகம் சுளித்து இரண்டு பேர் வாங்காமல் விட்டாலே 12 ரிங்கிட் வரவு போய்விடும். சிக்கனம் செய்ய வேண்டுமென்றால் கரண்டியை நிறுத்துங்கள். ஒன்று 15 சென் என்று உங்கள் ரசீதில் இருக்கிறது. தொழிற்சாலை உணவகத்தில் கரண்டி இருக்கும்போது, வாரத்துக்கு 5 ரிங்கிட் 10 சென் வீணாகக் கொடுக்க வேண்டியதில்லை.

பப்பாளி மலிவுதான். ஆனால் பச்சையாக நறுக்கிய பப்பாளியில் உள்ள பப்பெயின் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைக்கும். இரவு முழுவதும் தயிரோடு கிடந்தால் காலையில் கலவை நீர்த்துக் கசக்கும். அன்னாசியும் அப்படியே. மாம்பழம் விலை ஏறும் வாரங்களில் வாழைப்பழத்துக்கு மாறலாம். கிலோ 6 ரிங்கிட் என்றால், தோல் போக 60 கிராமுக்கு ஏறத்தாழ 55 சென் ஆகும். கறுத்துவிடும் என்பதால் அதைக் காலையில்தான் நறுக்கிப் போட வேண்டும்.

விலை ஏற்றுவதை இந்த முறையில் ஒரு மாதம் நடத்திவிட்டு யோசிக்கலாம். அதற்குள், உணவு கையாளும் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் இன்னும் முடிக்கவில்லை என்றால் முடித்துவிடுங்கள். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகளின்படி விற்பவருக்கு இவை அவசியம். அந்தச் செலவையும் ரசீதோடு எழுதி வையுங்கள். பிள்ளைகள் ஒரு போத்தல் கேட்டால் மறுக்க வேண்டாம். வீட்டுப் பணப்பையிலிருந்து 4 ரிங்கிட் 79 சென்னை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு, பிறகு கொடுங்கள்.