மல்லிகைச் செடி இலையாகத் தழைத்து நிற்கிறது, பூ மட்டும் நாலைந்துதான். என்ன காரணம்?

உங்கள் செடி குண்டுமல்லி என்றும், தொட்டியில் நிற்கிறது என்றும், நீங்கள் அதற்கு உரத்தில் குறை வைக்கவில்லை என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்றாவது ஊகம் தவறாக இருக்க வாய்ப்பில்லை. பட்டினி கிடக்கும் செடி அப்படித் தழைக்காது.

நானும் இரண்டு வருடம் ஏமாந்தவன். வாரம் தவறாமல் கடலைப் புண்ணாக்கைப் புளிக்கவைத்து ஊற்றினேன். போதாதென்று இடையிடையே ஒரு சிட்டிகை யூரியா. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம், கரும்பச்சை. கிளைகள் கொடிபோல நீண்டு கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடின. வருகிறவர்கள் எல்லாம் செடியைப் பாராட்டினார்கள். பூவைப் பற்றி யாரும் கேட்காதவரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

புண்ணாக்கு, யூரியா இரண்டுமே தழைச்சத்து மிகுந்தவை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: தழைக்க வைக்கும் சத்து. குண்டுமல்லிக்கு மணிச்சத்தும் சாம்பல் சத்தும் தழைச்சத்தைப்போல இரண்டு பங்கு வேண்டும். நான் செய்ததோ நேர் எதிர். புண்ணாக்கு கெட்டது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். அதை மட்டுமே ஊற்றியதுதான் தவறு.

உரத்தை நிறுத்தியதும் பூத்துவிட்டதா என்றால், இல்லை. அப்போதுதான் செடியை உட்கார்ந்து பார்த்தேன். குண்டுமல்லி பழைய கட்டையில் பூப்பதில்லை. புதிதாக வரும் தளிரின் நுனியில்தான் மொட்டு கட்டும், பெரும்பாலும் மூன்று மொட்டாக. என் செடியில் ஒன்பது கிளைகள், ஆளுயரத்துக்கு. ஒன்பது கிளை என்றால் ஒன்பது நுனி. அத்தனையும் பூத்தாலும் முப்பது மொட்டு தேறாது. ஆனால் இலைகள் கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கின்றன, ஒவ்வோர் இலையின் இடுக்கிலும் ஒரு குருத்து உறங்குகிறது. கிளையை வெட்டினால் வெட்டுக்குக் கீழே உள்ள இரண்டும் விழித்துக்கொள்ளும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு நுனி.

குளிர்காலம் முடிகிற சமயம் ஒரு வாரம் தண்ணீரைக் குறைத்துவிட்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டினேன். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை எல்லாவற்றையும் அடியோடு எடுத்தேன். இரண்டு மூன்று வாரத்தில் தளிர் வெடித்தது. எண்ணினேன், இருபத்திரண்டு. அந்த இருபத்திரண்டும் இலையாகவே நீண்டு போயின!

காரணம் வெயில். என் மாடி வீட்டுக்காரர் முந்தின வருடம் ஒரு தகரக் கூரை இறக்கியிருந்தார். அதன் பிறகு தொட்டிக்குக் கிடைத்தது காலையில் இரண்டு மணி நேர வெயில்தான். (அந்தக் கூரையில் விழும் மழைநீர் இன்றுவரை என் ஜன்னலில்தான் கொட்டுகிறது. மூன்று முறை சொல்லியாகிவிட்டது. ஒரு குழாய் வைக்க ஆளுக்கு என்ன கேடு?) நிழலில் நிற்பதைச் செடியிலேயே காணலாம்: ஒரு ஜோடி இலைக்கும் அடுத்த ஜோடிக்கும் இடையே தண்டு வெகுவாக நீண்டு, மெலிந்து இருக்கும். வெயிலில் நிற்கும் செடியில் கணுக்கள் நெருக்கமாக இருக்கும், இலையும் கொஞ்சம் சிறியதுதான்.

தொட்டியை மொட்டைமாடிக்கு மாற்றினேன், ஒரேயடியாக அல்ல, ஒரு வாரம் சிறுகச் சிறுக. இலை சில வெளிறி உதிர்ந்தன, பயந்தேன். தினமும் ஆறு மணி நேர வெயிலில் நின்ற பிறகு அடுத்த முறை நுனிகளை வெட்டியபோது, ஆறேழு வாரத்தில் ஒவ்வொரு தளிரும் நாலைந்து ஜோடி இலையோடு நின்று, நுனியில் பச்சைப் பயறு அளவில் மொட்டு காட்டியது. எலும்புத் தூளும் ஒரு கைப்பிடி மரச் சாம்பலும் போட்டிருந்தேன். அவற்றால்தான் பூத்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வெயில்தான் முக்கால் பங்கு.

இப்போது பூத்து ஓய்ந்த கொத்துக்குக் கீழே இரண்டு ஜோடி இலை விட்டு வெட்டிவிடுகிறேன். ஆனால் வெட்டுவது நல்லது என்று மாதாமாதம் கத்தரியோடு கிளம்பிவிடாதீர்கள். தளிர் மொட்டு கட்டும் நேரத்தில் நுனியைக் கிள்ளினால் பூவையே கிள்ளியதாகும். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் ஒரு பருவம் முழுக்க இலையை மட்டும் வளர்த்தார்.

மொட்டு வந்தும் ஊதா நிறமாகி, ஓட்டை விழுந்து உதிர்ந்தால் அது மொட்டுப்புழு. அதற்கு இந்த வைத்தியம் எதுவும் ஆகாது. அந்த மொட்டுகளைப் பறித்து அழித்துவிடுங்கள். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுக்கு மொட்டே அதிகம் வரவில்லை. முதலில் ஒரு நாள் செடியருகே மணிக்கொருமுறை போய், எத்தனை மணி நேரம் நேர்வெயில் அதன்மேல் விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.