மேகத்தையும் அறுவடையையும் பிரித்துப் பார்ப்பது

கேள்வி: செபராங் பிறை நெல்வயல்களுக்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களிலிருந்து என்.டி.வி.ஐ. என்ற பசுமைக் குறியீட்டின் வரிசை எடுத்தேன். மேகத்தால் கோடு பல்பல்லாக இருக்கிறது. மென்மையாக்கினால் அழகாக வருகிறது, ஆனால் அறுவடைத் தேதி எப்போதும் தள்ளிப் போகிறது. எங்கே தவறு?

பதில்:

பெரும்பாலும் நீங்கள் மேலுறை முறையில் மென்மையாக்கியிருப்பீர்கள். நானும் அங்கேதான் சறுக்கினேன்.

மேகமும் மேக நிழலும் புகைமூட்டமும் பயிரின் மேல் விழுந்தால் குறியீடு இறங்குமே தவிர ஏறுவது அரிது. எனவே கோட்டுக்குக் கீழே விழும் புள்ளிகளின் எடையைக் குறைத்து, கோட்டை மேலே தூக்குவது வழக்கம். பயிர் வளரும் நடுப்பகுதிக்கு இது சரி. ஆனால் நெல்லில் நாம் தேடும் இரண்டு நிகழ்வுகளும் பள்ளங்கள்தாம்: தண்ணீர் கட்டிய வயல் ஒரு பள்ளம், அறுத்த வயல் இன்னொரு பள்ளம். மேலுறை இரண்டையும் மேகம் என்று எண்ணித் தூர்த்துவிடுகிறது. அதனால் பசுமை எழும் நாள் முன்னே வருகிறது, அறுவடை பின்னே போகிறது.

பெனாகா பக்கம் ஒரு வயலில் இதைக் கண்ணால் பார்த்தேன். அதை வைத்திருக்கும் மலாய்க்கார பாக்சிக், எங்கள் அப்பாவின் பழைய நண்பர். ஏப்ரல் 8 அன்று நேரடியாக விதைத்ததையும் ஜூலை 28 அன்று இயந்திரம் இறங்கியதையும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்திருந்தார். மொத்தம் 111 நாள்.

என் வரிசையில் பள்ளம் 0.12, உச்சம் 0.82. இடைவெளியில் 30 விழுக்காட்டை வாசலாக வைத்தேன், அதாவது 0.33. ஜூலை 21இல் மதிப்பு 0.51. 26இல் மேகம். 31இல் 0.24, ஆகஸ்ட் 5இல் 0.22. அடுத்ததும் மேகம். ஆகஸ்ட் 15இல் மறுதாம்பு துளிர்த்து 0.31. மேலுறை அந்த இரண்டு தாழ்ந்த புள்ளிகளையும் ஒதுக்கிவிட்டு 0.51இலிருந்து 0.31க்குச் சாவகாசமாகச் சரிந்தது. வாசலைத் தாண்டிய நாள் ஆகஸ்ட் 12. விதைத்ததிலிருந்து 126 நாள். ஏறத்தாழ 110 நாளில் முற்றும் ரகத்துக்கு இது பொருந்தாது. சந்தேகம் அங்கேதான் எழுந்தது. 31ஆம் தேதிப் படத்தை இயல்பு வண்ணத்தில் திறந்தேன். வானம் துல்லியம், வயல் வைக்கோல் நிறம்.

இப்போது ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன். தாழ்ந்த புள்ளி தனியாக நின்று, இருபுறமும் அண்டைப் புள்ளிகள் உயரமாக இருந்தால் மட்டும் எடையை 0.1 ஆக்குகிறேன். அடுத்தடுத்து இரண்டு தெளிந்த படங்கள் தாழ்ந்திருந்தால் அதை உண்மை என்றே கொள்கிறேன். பிறகு நாள்வாரியான வரிசையில் விட்டேக்கர் முறை:

```python
import numpy as np
from scipy import sparse
from scipy.sparse.linalg import spsolve

def whittaker(y, w, lam):
    n = len(y)
    D = sparse.diags([1, -2, 1], [0, 1, 2], shape=(n - 2, n))
    A = sparse.diags(w) + lam * (D.T @ D)
    return spsolve(A.tocsc(), w * y)
```

படம் இல்லாத நாளுக்கு `w` பூச்சியம். `y`இலும் பூச்சியம் போடுங்கள், `nan` விட்டால் எல்லாமே `nan` ஆகிவிடும். எவ்வளவு மென்மையாக்க வேண்டும் என்பதைச் சொல்லும் `lam`ஐ முதலில் 10000 வைத்தேன். பத்து நாளுக்கு ஒரு நல்ல படம் கிடைக்கும் வரிசையில் அது ஒரு போக நெல்லின் ஏற்ற இறக்கத்தையே பாதியாகத் தட்டையாக்கியது. 100க்கு இறக்கிய பிறகுதான் உச்சமும் பள்ளமும் மூலப் புள்ளிகளோடு ஒட்டின.

மேகத்தை நீக்க, படத்தோடு வரும் `SCL` வகைப்பாட்டு அடுக்கைப் பயன்படுத்தினால் 3, 8, 9, 10 ஆகிய வகுப்புகளைத் தள்ளுங்கள். 6ஐத் தொடாதீர்கள். அது தண்ணீர்; விதைப்புக்கு முன் நிரப்பிய வயல் அதில்தான் விழும். பலர் இதையும் சேர்த்துத் தள்ளிவிட்டு, பள்ளத்தைக் காணோமே என்று தேடுகிறார்கள்.

மென்மையான கோட்டை எந்தப் போகம், ஏறத்தாழ எந்த வாரம் என்று காட்ட மட்டுமே நம்புகிறேன். தேதிக்கு மூலப் புள்ளிகளிடம் திரும்புகிறேன்: வாசலுக்கு மேலே இருந்த கடைசித் தெளிந்த படம் ஜூலை 21, கீழே இறங்கிய முதல் படம் 31. ஆகவே அறுவடை இந்தப் பத்து நாளுக்குள். ஒரே தேதிதான் வேண்டும் என்றால் இரண்டுக்கும் இடையே நேர்கோடு போடுகிறேன். இந்த வயலில் அது 28இலேயே விழுந்தது. அது அதிர்ஷ்டம், திறமை என்று சொல்லமாட்டேன்.

விதைப்பில் இன்னொரு சிக்கல் உண்டு. கோடு 0.33ஐத் தாண்டியது ஏப்ரல் 29. அது பசுமை தெரிந்த நாள், விதைத்த நாள் அல்ல. நடுவே 21 நாள். இதைக் கழித்துத்தான் விதைப்புத் தேதி சொல்ல முடியும், அதுவும் நேரடி விதைப்புக்கு மட்டும். அதே 21ஐ வரப்புக்கு அப்பால் நாற்று நட்ட வயலுக்கும் கழித்து, பாக்சிக்கிடம் பெருமையாகக் காட்டினேன். "அன்றைக்கு நாற்றங்காலில் நாற்றே வளர்ந்து நின்றிருக்கும், தம்பி" என்று சிரித்தார்.