'நான்' என்பதை எடுத்துவிட்டால் ஆய்வறிக்கை ஆகிவிடுமா?

கேள்வி: முருங்கை விதையை வைத்துக் கலங்கல் தண்ணீரைத் தெளியவைக்கும் ப்ராஜெக்ட் செய்தேன். நடந்ததை அப்படியே 'நான்' போட்டு எழுதி வைத்திருக்கிறேன். கைடு இதை அறிமுகம், முறைகள், முடிவுகள், விவாதம் என்று மாற்றித் தரச் சொல்கிறார். 'செய்தேன்' எல்லாவற்றையும் 'செய்யப்பட்டது' ஆக்கினால் போதுமா?

பதில்:

போதாது. அதைச் செய்யவே வேண்டாம் என்றுகூடச் சொல்வேன்.

கதையில் வரிகள் நடந்த வரிசையில் நிற்கும்: திங்கட்கிழமை இது, செவ்வாய்க்கிழமை அது. அறிக்கையில் அதே வரிகள் அவை செய்யும் வேலையைப் பொறுத்து இடம் பிடிக்கின்றன. எதற்காக இறங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன அளந்தீர்கள், அதற்கு என்ன பொருள். வினைமுற்றை மட்டும் மாற்றினால் கதை கதையாகத்தான் இருக்கும். யார் செய்தார்கள் என்பதுதான் காணாமல் போயிருக்கும்.

உங்கள் கதையை நான் பார்க்கவில்லை. ஆனால் இந்த ப்ராஜெக்ட் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"முதலில் விதையைத் தோலோடு அரைத்துப் போட்டேன், தெளியவே இல்லை. மனசு விட்டுப்போச்சு. அக்கா தோலை உரித்துப் பார் என்றாள். உரித்து அரைத்து, தண்ணீரில் கலக்கி, துணியில் வடிகட்டிக் கொஞ்சம் ஊற்றினேன். ஒரு மணி நேரத்தில் அருமையாகத் தெளிந்துவிட்டது. ஆசையில் இன்னும் நிறைய ஊற்றினேன், மறுபடி கலங்கிவிட்டது. புரதம் அதிகமானதுதான் காரணம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஒரே நாற்றம்."

இதைப் பிரிண்ட் எடுத்து நான்கு கலர் பேனாவோடு உட்காருங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். வரி வரியாக அடிக்கோடு போட ஆரம்பித்தால் உடனே ஒன்று தெரியும்: ஒரே வாக்கியத்தில் இரண்டு மூன்று நிறம் விழும். "ஒரு மணி நேரத்தில் அருமையாகத் தெளிந்துவிட்டது" என்பதில் 'ஒரு மணி நேரம்' முறைகளுக்குப் போக வேண்டும், 'தெளிந்தது' முடிவுகளுக்கு. 'அருமையாக' எங்கேயும் போகாது. கதையின் வாக்கியங்களை உடைக்காமல் தூக்கித் தூக்கி வைக்க முடியாது. முதலில் உடைக்க வேண்டும்.

உடைத்த பிறகு அறிமுகத்திலிருந்து எழுத ஆரம்பிக்காதீர்கள். முடிவுகளின் அட்டவணையை முதலில் போடுங்கள். அதிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் தொட்டு 'இது எப்படி வந்தது?' என்று பின்னோக்கிக் கேளுங்கள். அந்தப் பதில்கள்தான் முறைகள். அட்டவணையில் இருக்கும் எண்ணுக்கு முறைகளில் வாக்கியம் இல்லையென்றால் ஓட்டை. முறைகளில் சொன்ன சோதனைக்கு அட்டவணையில் எண் இல்லையென்றால் அதுவும் ஓட்டைதான்.

இங்கேதான் 'கொஞ்சம்' மாட்டிக்கொள்ளும். எவ்வளவு கொஞ்சம்? தோல் உரித்த விதைப் பொடி 1 கிராமை 100 மி.லி. தண்ணீரில் கலக்கி வடிகட்டியிருந்தால், அந்தக் கரைசலில் 1 மி.லி.யை 1 லிட்டர் தண்ணீரில் ஊற்றுவது லிட்டருக்கு 10 மி.கி. விதைப் பொடி போட்ட கணக்கு. உங்கள் பீக்கர் அரை லிட்டர் என்றால், 5 மி.லி. ஊற்றியது லிட்டருக்கு 100 மி.கி. ஆகிறது. இந்தக் கணக்கு அறிக்கையில் ஒரு முறை தெளிவாக இருக்க வேண்டும். அளவை 'வடிகட்டிய கரைசல்' என்று சொல்கிறீர்களா, 'அரைத்த பொடி' என்று சொல்கிறீர்களா என்பதும் தெரிய வேண்டும். பொடியில் ஒரு பங்கு துணியிலேயே தங்கிவிடுகிறது அல்லவா, இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து கலக்கியது. வழக்கமான ஜாடி சோதனையில் கரைசலை ஊற்றியதும் நிமிடத்துக்கு 100 சுற்று போல வேகமாக ஓரிரு நிமிடம், பிறகு 30 சுற்று போல மெதுவாகப் பதினைந்து இருபது நிமிடம், பிறகு அசைக்காமல் வைத்துத் தெளியவிடுவார்கள். நீங்கள் கண்ணாடிக் குச்சியால் கையில் கலக்கியிருந்தால், கையால் கலக்கியதாகவே எழுதுங்கள். இல்லாத இயந்திரத்தை எழுதினால் வைவாவில் ஒரே கேள்வியில் தெரிந்துவிடும். மேலே இருந்து எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுத்தீர்கள் என்பதையும் விடாதீர்கள். மேற்பரப்புக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ.யில் பிப்பெட் வைத்து எடுத்தால் ஒரு எண் வரும்; பீக்கரைச் சாய்த்து ஊற்றினால் அடியில் படிந்த வண்டலும் சேர்ந்து வேறு எண் வரும்.

கதையில் எங்கேயும் தெரியாத ஒரு குறை அட்டவணை போட்டதும் கண்ணில் குத்தும்: விதைக் கரைசல் ஊற்றாமல் கலங்கல் தண்ணீரை மட்டும் வைத்த பீக்கர் எங்கே? ஒரு கணக்கு பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை, யாரும் எடுத்து எழுதிவிடாதீர்கள். கலங்கலை அளக்கும் அலகு என்.டி.யு. ஆரம்பக் கலங்கல் 100 என்.டி.யு. ஒரு மணி நேரம் கழித்து, லிட்டருக்கு 50 மி.கி. போட்டதில் 30, 100 மி.கி.யில் 8, 200 மி.கி.யில் 19. கதையாக எழுதினால் '92 சதவீதம் தெளிந்தது' என்று மார்தட்டிக்கொள்ளலாம். ஆனால் எதுவுமே ஊற்றாத பீக்கரும் சும்மா நின்றதில் 62-க்கு இறங்கியிருந்தால்? மண் தானாகவே படியும். விதையின் பங்கு 62-இலிருந்து 8 வரைதான், அதாவது 87 சதவீதம். கரைசல் ஊற்றாத அந்தப் பீக்கரை வைக்கவில்லையென்றால் இந்தக் கணக்கையே போட முடியாது. எழுதும்போது இது தெரியவந்தால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள், அரை நாள் வேலை. செய்கிற கையோடு ஒவ்வோர் அளவையும் மூன்று பீக்கரில் வையுங்கள். அளவுக்கு ஒரே ஒரு பீக்கர் வைத்து ஒன்றில் 8, இன்னொன்றில் 11 என்று வந்தால், அந்த வித்தியாசத்தை வைத்து 'இதுதான் சிறந்த அளவு' என்று யாரும் சொல்ல முடியாது.

முடிவுகள் பகுதியில் 'ஏனென்றால்' வந்தால் அந்த வாக்கியத்தைச் சந்தேகப்படுங்கள். '200 மி.கி.யில் கலங்கல் மீண்டும் கூடியது', அவ்வளவுதான் அங்கே. ஏன் என்பது விவாதத்துக்கு. அங்கேயும் 'புரதம் அதிகமானதுதான் காரணம்' என்று அடித்துச் சொல்ல முடியாது. களிமண் துகளுக்கு எதிர்மின்சுமை. முருங்கை விதைப் புரதத்துக்கு நேர்மின்சுமை. அளவாகப் போட்டால் துகள்கள் ஒட்டிக் கனத்துப் படிகின்றன. அளவு மீறினால் துகள்கள் மேலெல்லாம் நேர்மின்சுமை ஏறி மறுபடி ஒன்றையொன்று தள்ளும். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது: வடிகட்டிய கரைசலே வெள்ளையாகக் கலங்கலாகத்தான் இருக்கும், நிறைய ஊற்றினால் அதுவே கலங்கலைக் கூட்டும். துகளின் மின்சுமையை நீங்கள் அளக்கவில்லை. ஆகவே இரண்டையும் சொல்லி, எது என்று இந்தச் சோதனையால் பிரிக்க முடியாது என்று எழுதுங்கள். நல்ல தண்ணீரில் அதே அளவு கரைசலை ஊற்றி ஒரு அளவு எடுத்திருந்தால் இரண்டாவது காரணம் எவ்வளவு என்பதாவது தெரிந்திருக்கும்.

விவாதத்தின் முதல் வாக்கியம் அறிமுகத்தின் கடைசிக் கேள்விக்கு நேர் பதிலாக இருக்கட்டும். அதன் பிறகு எல்லையைச் சொல்லுங்கள். இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 கலங்கலுக்கு 1 என்.டி.யு. என்கிறது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 5 வரை. மேலே சொன்ன 8 கண்ணுக்குத் தெளிவாகத் தெரியலாம், தரத்தைத் தொடவில்லை. கிருமியையும் நீங்கள் எண்ணவில்லை. 'குடிக்கத் தகுந்த நீர் கிடைத்தது' என்று ஒரு வரி எழுதினால் அறிக்கை முழுவதும் அந்த வரியோடு சாய்ந்துவிடும்.

தோலோடு அரைத்துத் தோற்றது? இதில்தான் சண்டைக்கு வருவார்கள். 'தோல்வியை மறைப்பது மோசடி' என்பார்கள் சிலர். ஆய்வுக் கட்டுரையின் வடிவமே உண்மையில் எண்ணம் வளர்ந்த வழியை மறைக்கிறது என்று நோபல் பெற்ற பீட்டர் மெடவாரே 1963-இல் பி.பி.சி. வானொலியில் சொன்னார், அதை நானும் மறுக்கவில்லை. என் கணக்கு எளிது. தோலுடன் அரைத்ததை அதே அளவில், அதே நேரத்தில் அளந்திருந்தால் அது முடிவு, அட்டவணையில் ஒரு வரிசை அதற்கு உண்டு. அளக்காமல் கண்ணால் பார்த்து விட்டுவிட்டது என்றால், முறைகளில் ஒரு வரி: 'தோலுடன் செய்த முன்சோதனையில் கண்ணுக்குத் தெரியும் தெளிவு இல்லாததால் பருப்பு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது.' மறைக்கவும் இல்லை, ஊதிப் பெரிதாக்கவும் இல்லை.

அறிமுகத்தைக் கடைசியில் எழுதுங்கள், அப்போதுதான் எதை அறிமுகப்படுத்துகிறோம் என்றே தெரியும். பாட்டி மண்பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டை தேய்ப்பார் என்று கதையில் இருந்தால் அதை வெட்டிவிடாதீர்கள். பாட்டியைத்தான் எடுக்க வேண்டும். விதையால் நீரைத் தெளியவைக்கும் வழக்கம் நம்மிடம் தேத்தாங்கொட்டையாகவும், சூடானில் நைல் நதி நீருக்கு முருங்கையாகவும் இருந்திருக்கிறது என்பது அறிமுகத்துக்கு உரிய செய்தி. அங்கிருந்து படிகாரத்துக்கு வந்து, முருங்கையைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததைச் சொல்லி, உங்கள் ஊர் ஏரித் தண்ணீருக்கு எந்த அளவு பொருந்தும் என்பது தெரியவில்லை என்று முடியுங்கள். கண்டுபிடித்த எண்ணை அங்கேயே உடைத்துவிடக் கூடாது.

'படு' விஷயம். "விதைகள் எடுத்துக்கொள்ளப்பட்டு உரிக்கப்பட்டு அரைக்கப்பட்டு வடிகட்டப்பட்டது" என்று எழுதினால் அது அறிவியல் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. "விதைகளை உரித்து, அரைத்து, வடிகட்டினோம்" என்பதில் என்ன குறைந்துவிட்டது? தமிழில் எழுவாயே இல்லாமல் வாக்கியம் நிற்கும். தேவைப்பட்ட இடத்தில் ஒன்றிரண்டு 'பட்டது' போதும். இதே கைடுகள்தான் அறுபது பக்கத்துக்குக் குறையக் கூடாது, கறுப்பு அட்டை, தங்க எழுத்து என்பார்கள். பன்னிரண்டு பக்கத்தில் முடிகிற வேலைக்குப் பிள்ளைகள் இணையத்திலிருந்து முருங்கையின் தாவரவியலை நாற்பது பக்கம் இறக்கி ஒட்டுகிறார்கள். சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

கடைசியாக அந்த நாற்றம். அந்த ஒரு வரி மூன்று இடத்துக்குப் போகும். முறைகளில்: தெளிந்த நீரை மூடி, அறை வெப்பநிலையில் 48 மணி நேரம் வைத்தோம். முடிவுகளில்: நாற்றம் இருந்தது, அது அளக்கப்படவில்லை. விவாதத்தில்: விதையிலிருந்து கரைந்த கரிமப் பொருள் நீரில் தங்கிவிடுவதால் நுண்ணுயிர்கள் பெருகியிருக்கலாம், ஆகவே இந்த நீரைச் சேமித்து வைக்க முடியாது. 'ஒரே நாற்றம்' என்பதில் 'ஒரே'வை எடுத்துவிடுங்கள். தோலை உரிக்கச் சொன்ன அக்காவுக்கு நன்றியுரையில் இடம் உண்டு, பெயரோடு.