கசியும் பைப் ஜாயிண்ட்: பிளம்பர் வரும்வரை எதைச் சுற்றலாம், எதைப் பூசலாம்?

கேள்வி: மொட்டைமாடி டேங்கிலிருந்து இறங்கும் வெள்ளை பைப், மேற்குச் சுவரில் எல்போ திரும்பும் இடத்தில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. டேங்குக்கும் அதற்கும் 15 அடி இருக்கும். பிளம்பர் நான்கு நாள் கழித்துத்தான் வருவாராம். டெஃப்லான் டேப்பை நிறையச் சுற்றிப் பார்த்தேன், நிற்கவில்லை. எம்-சீல் வைத்தால் தாங்குமா?

பதில்: நான்கு நாள் தாங்கும். ஆனால் வால்வை மூடி, பைப்பை வடியவிட்டு, இடத்தை நன்றாகக் காயவைத்த பிறகு வைத்தால்தான். சொட்டச் சொட்ட வைத்தால் அடுத்த நாளே பெயர்ந்து வந்துவிடும்.

முதலில் சுற்றிய டெஃப்லான் டேப்பை எடுத்துவிடுங்கள். அதில் பசையே கிடையாது. குழாயையோ நிப்பிளையோ மரையில் திருகும்போது, மரைகளுக்கு நடுவே நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. வெளியே எத்தனை சுற்று போட்டாலும் தண்ணீர் அடுக்குகளுக்கு இடையே ஊர்ந்து வெளியே வந்துவிடும். கறுப்பு இன்சுலேஷன் டேப்பும் ஈரத்தில் ஒட்டாது. சிலர் பைப் ஒட்டும் சால்வெண்டையே ஜாயிண்ட்டின் மேல் தடவுவார்கள். அது எல்போவின் உள்பக்கத்தையும் பைப்பின் வெளிப்பக்கத்தையும் இளக்கி ஒன்றாக்கும் பொருள். வெளியே தடவினால் மெல்லிய தோலாகக் காய்ந்து உரிந்துபோகும்.

அடுத்து, கசிவு சரியாக எங்கே என்று பாருங்கள். சொட்டு விழும் இடம் எல்போவின் அடிப்பகுதியாக இருக்கலாம், தண்ணீர் கிளம்பும் இடம் மேலே இருக்கலாம். பைப்பைச் சுற்றி வழிந்து தாழ்வான இடத்தில்தான் அது சொட்டும். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, டிஷ்யூ பேப்பரை மேலிருந்து கீழாக ஒவ்வொரு இடமாக ஒற்றிக்கொண்டே வாருங்கள். முதலில் நனையும் இடம்தான் கசியும் இடம். உங்கள் பைப்பில் பெரும்பாலும் அது எல்போவின் வாயில், பைப் உள்ளே நுழையும் விளிம்பில் இருக்கும். எல்போவின் உடம்பிலேயே நீளமாகக் கீறல் தெரிந்தால் மக்கு வேண்டாம். வால்வை மூடிவைத்து, பக்கெட்டில் தண்ணீர் பிடித்துச் சமாளிப்பதே நல்லது.

சரி, வேலைக்கு வருவோம். மாலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு தொடங்கினால், இரவு முழுவதும் தண்ணீரை நிறுத்தி வைக்கலாம். டேங்க் அருகே உள்ள கேட் வால்வை மூடி, அந்த லைனில் ஆகக் கீழே இருக்கும் குழாயைத் திறந்துவிடுங்கள். பைப் வடிந்து காலியாக வேண்டும். எல்போவையும் அதன் இருபுறமும் ஓர் அங்குலத்தையும் உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட், சுண்ணாம்புப் படிவு, வழவழப்பு எல்லாம் போக்குங்கள். பிறகு துடைத்து, அரைமணி நேரம் காயவிட்டு, மறுபடி டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் மக்கைப் பிசையுங்கள்.

பலர் கோட்டைவிடுவது சுவர்ப் பக்கத்தில்தான். பைப்புக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையாது. அதனால் கண்ணுக்குத் தெரியும் முக்கால்வாசிக்கு அழகாகப் பூசிவிட்டு, பின்பக்கத்தை விட்டுவிடுவார்கள். தண்ணீர் அந்த வழியாகத்தான் வரும். பக்கத்தில் இருக்கும் கிளாம்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் பைப் கொஞ்சம் முன்னே வரும், விரல் நுழைய அது போதும். இழுத்து வளைக்காதீர்கள், ஏற்கெனவே விட்டுப்போன ஜாயிண்ட் அது.

எம்-சீலின் இரண்டு பாகங்களையும் சமமாக எடுத்து, கையில் பிளாஸ்டிக் கவர் மாட்டிக்கொண்டு பிசையுங்கள். இரண்டு நிறமும் தனித்தனிக் கோடாகத் தெரியாமல் ஒரே நிறமாகும் வரை விடக்கூடாது. கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. அதைச் சுண்டுவிரல் கனத்துக்குக் கயிறாக உருட்டுங்கள். எல்போவின் வாயில் பைப்புக்கும் எல்போவுக்கும் நடுவே ஒரு படி இருக்கும் அல்லவா, அந்த மூலையில் கயிற்றை முழுச் சுற்றாகச் சுற்றி, கட்டைவிரலால் அழுத்தி உள்ளே திணியுங்கள். எல்போவின் மேல் அரை அங்குலம், பைப்பின் மேல் அரை அங்குலம் படர்ந்தால் போதும். ஈர விரலால் வழவழப்பாக்குவதை எல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள். முதலிலேயே விரலை நனைத்தால் அந்த ஈரம் மக்குக்கு அடியில் போய் ஒட்டவிடாமல் செய்துவிடும்.

ஒன்றிரண்டு மணி நேரத்தில் கல் மாதிரி தோன்றும். இருந்தாலும் விடியும்வரை வால்வைத் திறக்க வேண்டாம், முழுப் பலம் வர ஒரு நாள்கூட ஆகும். காலையில் கால் திருப்பு மட்டும் திறந்து, டிஷ்யூவால் சுற்றிலும் ஒற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் முழுசாகத் திறங்கள். 10 மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சுமார் 1 பார் அழுத்தம். உங்கள் 15 அடிக்கு அரை பார்கூட வராது, அதனால்தான் தாங்கும் என்று துணிந்து சொல்கிறேன். பிரஷர் பம்ப் போட்ட வீட்டுக்கும், மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும் லைனுக்கும் இதைச் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு முறை மோட்டார் ஓடும்போதும் அங்கே ஓர் அடி விழும்.

பழைய கேட் வால்வு முழுசாக மூடாமல் தண்ணீர் கசியவிட்டால் எம்-சீலை மறந்துவிடுங்கள். உள்ளிருந்து வரும் நூல் தண்ணீர், இறுகாத மக்கில் ஊசித் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். அந்த நிலையில் சைக்கிள் ட்யூப்தான் கைகொடுக்கும், ஈரத்தின் மேலும் வேலை செய்யும். ஓர் அங்குல அகலத்தில் நீளமான பட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். நேராக ஜாயிண்ட்டின் மேல் சுற்றினால் அந்தப் படி இருக்கும் இடத்தில் இடைவெளி விழும். அதனால் முதலில் பைப்பின் மேல் மட்டும், எல்போவின் விளிம்பு உயரத்துக்கு மட்டமாகும் வரை சுற்றுங்கள். பிறகுதான் எல்போவின் மேல் ஏறி, பாதிக்குப் பாதி மேலே விழும்படி, பட்டை மெலிந்து போகும் அளவுக்கு இழுத்து இழுத்துச் சுற்ற வேண்டும். கடைசி முனையைக் கட்டுக்கம்பியால் முறுக்கிவிடுங்கள். கடையில் கிடைக்கும் தன்னோடு தானே ஒட்டும் சிலிக்கான் டேப்பையும் இதேபோல் இழுத்துச் சுற்றலாம். கசிவு முழுசாக நிற்காவிட்டாலும், ஒரு வாளியில் பிடிக்கும் அளவுக்குக் குறையும்.

கசியும் இடத்துக்குக் கீழே சுவிட்ச் பாக்ஸோ மீட்டரோ இருந்தால், இதையெல்லாம் தொடங்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். சுவர் ஈரமாக இருக்கும்போது கை வைக்கக் கூடாது.

எம்-சீல் வைத்தது நான்கு நாளுக்குத்தான், நான்கு மாதத்துக்கு அல்ல. மேற்கு வெயிலில் பைப் 20 டிகிரி கூடுதலாகச் சூடானால், 3 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 4 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். இறுகிய மக்கு அதோடு சேர்ந்து நீளாது. ஏதாவது ஒரு நாள் விளிம்பில் விட்டுக்கொள்ளும்.

இன்னொன்று: பக்கத்து ஜாயிண்ட்டுகளுக்கும் 'இருக்கட்டுமே' என்று மக்கு பூசாதீர்கள். மக்கு ஏறிய எல்போவையும் பைப்பையும் மறுபடி ஒட்டப் பயன்படுத்த முடியாது, பிளம்பர் அவ்வளவையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். எவ்வளவு தூரம் பூசுகிறீர்களோ அவ்வளவு தூரம் புது பைப் போடும் செலவு. அவர் வரும் முன்னே பைப்பின் மேல் அச்சடித்திருக்கும் அளவையும் வகையையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். யூ.பி.வி.சி.யா சி.பி.வி.சி.யா, முக்கால் அங்குலமா ஓர் அங்குலமா என்பது தெரிந்தால் சரியான எல்போவோடும் சால்வெண்டோடும் வருவார். அந்த எல்போவுக்கு மேலேயும் கீழேயும் கிளாம்ப் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிளாம்ப் இல்லாமல் தொங்கும் பைப்பின் பாரம் முழுக்க ஜாயிண்ட்டில்தான் இறங்கும்.